வசனமில்லாத காமெடிக் குறும்படம் எடுப்பது எப்படி: ஆடுகிற ஒரு மேசையை வைத்து முழு வழிமுறை

வசனமே இல்லாமல் மூன்று நிமிடம் சிரிக்க வைக்கும் குறும்படம் எடுக்கப் போகிறீர்களா? நடிப்பைப் பற்றியும் கதையைப் பற்றியும் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். மேசைக் காலை எத்தனை சென்டிமீட்டர் குறைக்க வேண்டும், தம்ளர் நகர எத்தனை விநாடி ஆக வேண்டும், எந்தத் தாளை எத்தனை பிரதி அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. அதனால் ஒரு கதையை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். கூரியர்காரர் ஒருவர் வாசலில் நிற்கிறார், ரசீதில் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரர் ரசீதை மேசைக்கு எடுத்துப் போகிறார். மேசை ஆடுகிறது. அவ்வளவுதான் கதை.

## 1. முதலில் ஒரே ஒரு ஆசையை எழுதுங்கள்

"அவருக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும்." இந்த ஒரு வரி போதும். வசனமில்லாத படத்தில் பார்வையாளர் காதுக்கு எதுவும் கிடைக்காது. ஆசாமிக்கு என்ன வேண்டும் என்பது முதல் பதினைந்து விநாடிக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும். "அவர் தனிமையில் வாடுகிறார்" என்பதைப் படம்பிடிக்க முடியாது. "இந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட வேண்டும்" என்பதைப் படம்பிடிக்கலாம்.

வாசலில் ஒருவர் காத்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை. யாராவது காத்திருந்தால் அவசரம் தானாக வந்துவிடும். அதோடு, கோமாளித்தனம் செய்பவரைவிட அதை அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்பவரிடமிருந்து சில நேரம் பெரிய சிரிப்பு கிடைக்கும். அந்த வேடத்துக்கு முகத்தை வைத்து விளையாடாத ஆளைத் தேடிப் பிடியுங்கள்.

## 2. சேட்டைப் பட்டியல்

சிரிப்பு வரவைக்கும் ஒவ்வொரு சிறு நிகழ்வையும் சேட்டை என்கிறேன். அவற்றின் பட்டியல்தான் உங்கள் முதல் ஆவணம். திரைக்கதை வடிவத்தில் எழுதாதீர்கள், அதில் சேட்டை ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு சேட்டைக்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: பார்வையாளருக்கு இப்போது என்ன தெரியும்? ஆசாமி எதை எதிர்பார்க்கிறார்? உண்மையில் என்ன நடக்கிறது? முடியும்போது பொருட்கள் எந்த நிலையில் இருக்கின்றன? நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படப்பிடிப்பு நாளில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

நம் கதையின் பட்டியல் இப்படிப் போகும்.

முதல் சேட்டை: மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர். கையெழுத்துப் போட முழங்கையை ஊன்றியதும் மேசை அவர் பக்கம் சாய்கிறது, தம்ளர் நழுவி விளிம்புக்கு வந்து நிற்கிறது. அவர் அதைத் திருப்பித் தள்ளுகிறார். மறுபடி ஊன்றுகிறார், மறுபடி அதே கதை. மூன்றாவது முறை தம்ளரை முறைத்துக்கொண்டே ஊன்றுகிறார். தம்ளர் அசையவில்லை. நிம்மதி. அப்போது பேனா உருண்டு கீழே விழுகிறது.

இரண்டாவது: குட்டைக் காலுக்கு அடியில் எதையாவது வைக்க வேண்டும். கையில் இருக்கும் தாளை மடித்து மடித்து வைக்கிறார். மேசை கல் போல நிற்கிறது. பேனாவைத் திறக்கிறார். கையெழுத்துப் போட ரசீது இல்லை, அது காலுக்கு அடியில் இருக்கிறது.

மூன்றாவது: ரம்பம். ஒரு காலை அறுத்தால் இன்னொரு பக்கம் ஆடுகிறது. மேசை குட்டையாகிக்கொண்டே போய்த் தரையைத் தொடும் அளவுக்கு வந்துவிடுகிறது. அவர் குப்புறப் படுத்துக் கையெழுத்துப் போடுகிறார்.

முடிவு: கசங்கிய ரசீதை வாங்கிக்கொண்ட கூரியர்காரர், தன் பிரதியைப் பக்கத்துச் சுவரில் வைத்து ஒரு நொடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

ஒவ்வொரு சேட்டையும் முந்தையதைத் தீர்க்கப் போய்ப் பிறக்கிறது என்பதைக் கவனியுங்கள். நடுவில் பூனை ஓடிவந்து தம்ளரைத் தட்டிவிட்டால் அது தனிச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் சங்கிலி அறுந்துவிடும். அடுத்த சேட்டைக்கு மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், தம்ளர் எங்கேயும் விழுவதில்லை. விழுந்துவிடுமோ என்ற பயம் படம் முழுக்க வேலை செய்யும். விழுந்தால் அந்தப் பயம் தீர்ந்துபோகும், போதாக்குறைக்குத் தரையை வேறு துடைக்க வேண்டும்.

## 3. பொருட்களைத் தயாரித்தல்

உங்கள் நேரமும் பணமும் அதிகம் போகப்போவது இங்கேதான். ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

மேசை. வீட்டில் உண்மையாகவே ஆடுகிற மேசையை வைத்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். அது சில மில்லிமீட்டர்தான் ஆடும், கேமராவில் ஒன்றுமே தெரியாது. 60 செ.மீ. சதுர மேசையில் ஒரு காலை 4 செ.மீ. குறைத்தால்தான் 5 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். அது தூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் சாய்வு தெரிய ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேர்க்கோடு வேண்டும். மேசைக்குப் பின்னால் சுவரில் கிடைமட்டமாக ஒரு பட்டையோ அலமாரித் தட்டோ இருக்கட்டும். வெறும் சுவருக்கு முன்னால் மேசை சாய்ந்தால் பார்வையாளருக்கு ஏதோ அசைந்தது என்று மட்டும்தான் படும்.

கால்களைப் பசை போட்டு ஒட்டாமல் போல்ட், நட்டு போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். மேசைப் பலகை ஒன்று, கால் செட்டுகள் நான்கு: முழு உயரம், முக்கால், பாதி, தரையோடு ஒட்டியது. ஒவ்வொரு செட்டிலும் ஒரு கால் குட்டை. கடைசி செட்டில் மட்டும் நான்கும் சமம். இப்படிச் செய்தால் ஒரே மேசையை எந்த வரிசையிலும் எடுக்கலாம். நிஜமாகவே அறுத்துக்கொண்டு போனால் ஒரு டேக் கெட்டாலும் புது மேசை வாங்க வேண்டும்.

அறுக்கும் கால். ரம்பத்தால் ஒரு மேசைக் காலை நிஜமாக அறுக்க ஆகும் நேரத்தில் பார்வையாளர் எழுந்து போய்விடுவார். மென்மரத்தில் தனியாகக் கால் செய்து, அறுக்கும் இடத்தில் மெல்லிய இணைப்பு மட்டும் மிஞ்சும்வரை முன்பே வெட்டி, பிளவை மெழுகால் நிரப்பி, அதே நிறச் சாயம் பூசுங்கள். நடிகர் நான்கு இழுப்பு இழுத்தால் துண்டு விழ வேண்டும். ரம்பத்தின் பற்களை அரத்தால் ராவி மழுக்கிவிடுங்கள். முன்வெட்டு போட்ட கால் மாட்டியிருக்கும்போது மேசைமேல் யாரும் சாயக்கூடாது. ஒரு சிவப்பு ஒட்டுத்தாளை மேசையின் அடிப்பக்கம் ஒட்டிவிட்டால் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு டேக்குக்கு ஒரு கால் செலவாகும், அதனால் குறைந்தது ஆறு கால்கள் செய்துவையுங்கள்.

தம்ளர். இது நிறையப் பேரை ஏமாற்றும் இடம். மேசை சாய்ந்தால் தம்ளர் தானாக நழுவும் என்று நம்பாதீர்கள். 5 டிகிரிச் சாய்வில் மரப்பலகைமேல் அது பசை போட்டதுபோல நிற்கும். நழுவ வேண்டுமென்றால் பொதுவாக 10 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அப்படியே நழுவினாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேகத்தில் நழுவும், காமெடிக்கு அது உதவாது. எண்ணெய் தடவிப் பார்க்கலாம் என்று இறங்கினால் ஒரு நாள் போய்விடும், நிறுத்த இடமும் கிடைக்காது.

தூண்டில் நரம்புதான் வழி. கண்ணாடித் தம்ளருக்குப் பதில் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தம்ளர் வாங்கி, அடியில் நடுவே நரம்பை ஒட்டுங்கள். தம்ளர் வந்து நிற்க வேண்டிய இடத்தில் பலகையில் ஒரு சிறு துளை போட்டு, நரம்பை அதன் வழியே இறக்கி, காலின் உள்பக்கம் ஒரு கொக்கியில் கோத்து, பிரேமுக்கு வெளியே கொண்டுபோங்கள். இழுப்பவர் எவ்வளவு இழுத்தாலும் தம்ளர் துளைக்கு நேர்மேலே வந்ததும் நின்றுவிடும். விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்தில், எல்லா டேக்கிலும் ஒரே இடத்தில். திருப்பித் தள்ளும்போது இழுப்பவர் நரம்பைத் தளரவிட வேண்டும். நரம்பு மின்னினால் கறுப்பு மார்க்கரால் தேய்த்து மங்கலாக்குங்கள்.

தண்ணீர் தூரத்தில் தெரியாது. கொஞ்சம் சாயம் கலந்து, முக்கால் தம்ளருக்கு ஊற்றி, பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரசீது. மேசை அடர்நிறம் என்றால் ரசீது வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் கனமான தாளில் இருக்கட்டும். எவ்வளவு மடித்தாலும் அது 4 செ.மீ. உயரம் வராது. அதே தாளைச் சுற்றிய மரக்கட்டை ஒன்றை நடிகரின் சட்டைப்பையில் வைத்து, கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனியும்போது மாற்றச் சொல்லுங்கள். புதிய ரசீது, மடிப்பு விழுந்த ரசீது, கசங்கிய ரசீது என்று மூன்று நிலை. ஒவ்வொன்றிலும் எட்டு, அதற்கு மேல் ஒத்திகைக்கு இரண்டு.

செலவுக் கணக்குப் போடும்போது பொருளின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு டேக் முடிந்து அடுத்த டேக்குக்கு எல்லாம் பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைக் கடிகாரம் வைத்து அளந்து, பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எழுதுங்கள். தம்ளரைத் திருப்பி வைக்க ஒரு நிமிடம் போதும். கால் செட் மாற்றப் பதினைந்து நிமிடம் ஆகலாம். தண்ணீர் கொட்டி, ஆடை நனைந்தால் அரைமணி நேரம் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் அந்த அரைமணி நேரம்தான் படத்தின் விலை உயர்ந்த பொருள்.

## 4. டைமிங்: மெட்ரோனோம் வைத்து எண்ணுங்கள்

டைமிங் பிறவியிலேயே வர வேண்டும் என்பார்கள். நடிகருக்கு அது இருந்தால் நல்லது, நரம்பை இழுப்பவருக்கும் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணிக்கைதான் எல்லோரையும் ஒன்றாக வைக்கும். வசனமில்லாத படத்தில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி, சீரான இடைவெளியில் டிக் டிக் என்று தட்டும் மெட்ரோனோமைப் படப்பிடிப்பின்போதே சத்தமாக ஓடவிடலாம். கைபேசியில் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

நிமிடத்துக்கு 120 தட்டு என்று வையுங்கள். ஒரு தட்டு அரை விநாடி, விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் சரியாக 12 பிரேம். எடிட்டிங்கில் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

தம்ளர் சேட்டையின் முதல் சுற்றை இப்படி எழுதலாம்:

- தட்டு 1: முழங்கை ஊன்றுகிறது, மேசை சாய்கிறது.
- தட்டு 2: ஒன்றும் நடக்கவில்லை.
- தட்டு 3, 4: தம்ளர் நகர்கிறது, அவர் அசைவதில்லை.
- தட்டு 5: கண் மட்டும் தம்ளரிடம் போகிறது.
- தட்டு 6: தலை திரும்புகிறது.
- தட்டு 7: அப்படியே நிற்கிறார்.
- தட்டு 8: கை தம்ளரைத் தள்ளுகிறது.

மொத்தம் 4 விநாடி. இரண்டாவது தட்டில் எதுவும் நடக்காததை வீண் என்று வெட்டிவிடாதீர்கள். மேசை சாய்ந்ததைப் பார்வையாளர் கண்டுகொள்ள அந்த அரை விநாடி வேண்டும். அது இல்லாவிட்டால் சாய்வும் நகர்வும் ஒரே நேரத்தில் நடந்து, காரணம் எது விளைவு எது என்று தெரியாது.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் அசைய வேண்டும் என்பதுதான் இந்தப் பட்டியலின் உயிர். தம்ளர் நகரும்போது நடிகர் சிலை. நடிகர் திரும்பும்போது தம்ளர் சிலை. கூரியர்காரர் பெருமூச்சு விட்டால் நடிகரும் தம்ளரும் சிலை. புதிதாக நடிப்பவர்கள் தம்ளர் நகரும்போதே முகத்தைக் கோணிக்கொண்டு ஆச்சரியப்பட ஆரம்பித்துவிடுவார்கள். பார்வையாளரின் கண் முகத்துக்கு ஓடிவிடும், தம்ளர் நகர்ந்ததையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது சுற்றை 6 தட்டாகக் குறையுங்கள். விஷயம் தெரிந்துவிட்டது, இரண்டாவது தட்டும் ஏழாவது தட்டும் இனி வேண்டாம். மூன்றாவது சுற்றில்தான் நீட்ட வேண்டும். முழங்கை ஊன்றியதும் நான்கு தட்டு முழு அமைதி. தம்ளர் நகராது, அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஐந்தில் தோள் தளர்கிறது. ஆறில் பேனா உருளத் தொடங்குகிறது. நான்கு தட்டு போதுமா ஐந்து வேண்டுமா என்பதைத் தாளில் முடிவு செய்ய முடியாது. கைபேசியில் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒத்திகைக்கு இரண்டு நாள் வையுங்கள், நிஜ மேசையோடும் நிஜ நரம்போடும். "அப்போ தம்ளர் வரும்னு வெச்சுக்கங்க" என்று காற்றில் ஒத்திகை பார்த்தால் படப்பிடிப்பு நாளில் எல்லா எண்ணிக்கையும் மாறிப்போகும். ஒத்திகையை முழுக்கக் கைபேசியில் எடுத்து ஒட்டி, மூன்று நிமிட முன்மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரிபோர்டு வரையத் தெரியாதவர்களுக்கு இதுவே ஸ்டோரிபோர்டு.

## 5. கேமரா

சேட்டை நடக்கும் ஷாட்டில் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், காரணமும் விளைவும் ஒரே பிரேமில் இருக்க வேண்டும். முழங்கை ஒரு ஷாட், தம்ளர் ஒரு ஷாட், முகம் ஒரு ஷாட் என்று துண்டாடினால் அது விளம்பரப் படம்போல அழகாக இருக்கும், சிரிப்பு வராது. நெருக்கமான ஷாட் நம் கதையில் ஒரே ஒரு இடத்தில் தேவை, ரசீதில் கையெழுத்துப் போட வேண்டிய வெற்றுக் கோடு.

கேமராவை முக்காலியில் வைத்து, ஆளின் இடுப்பு உயரத்தில், மட்டம் பார்த்துப் பூட்டுங்கள். மேசையும் நாற்காலியும் பக்கவாட்டில் தெரியட்டும், ஓரத்தில் வாசலும் கூரியர்காரரும் எப்போதும் இருக்கட்டும். மேசை படிப்படியாகக் குட்டையாகும் இடத்துக்குப் பூட்டிய பிரேம் இன்னும் முக்கியம். பிரேம் அசையாமல் மேசை மட்டும் இறங்கினால்தான் வெட்டுக்கு வெட்டு சிரிப்பு ஏறும். முக்காலியின் கால்கள் இருக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் எடுத்தால் வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். பல கைபேசிகள் பிரேம் வேகத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும். அப்படி எடுத்ததை எடிட்டிங்கில் போட்டால் தட்டுக் கணக்கு நழுவும். நிலையான 24 பிரேம் தரும் செயலியைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய படங்கள்போலப் படபடவென்று ஓட வேண்டும் என்று ஆசை வரும். கொஞ்சம் போதும். 22 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் 10 விநாடி 9 விநாடி சொச்சமாகும், நடை சற்றுத் துள்ளலாகத் தெரியும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அப்போது மெட்ரோனோமையும் 110-க்கு இறக்குங்கள், திரையில் 120 ஆகிவிடும். 18 பிரேம் வரை போனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், தம்ளரில் தண்ணீர் அசைவதே பொய்யாகத் தெரியும். என்னைக் கேட்டால் தம்ளர் ஷாட்டுகளை 24-இலேயே எடுத்துவிட்டு, நடைக்கு மட்டும் 22 வையுங்கள்.

## 6. படப்பிடிப்பு நாள்

எல்லாம் தயாராக இருந்தால் ஒரு நாள் போதும். கதை வரிசையில் எடுக்காதீர்கள், கால் செட் வரிசையில் எடுங்கள். முழு உயர மேசையில் நடப்பதையெல்லாம் காலையிலேயே முடித்துவிட்டு, அப்புறம் அடுத்த செட். ரம்பக் காட்சியும், நடிகர் தரையில் படுத்து ஆடை அழுக்காகும் காட்சியும் கடைசியில்.

ரீசெட் பட்டியல் ஒன்றை ஒருவர் கையில் கொடுத்து, அவருக்கு வேறு வேலை தராதீர்கள். தண்ணீர் புள்ளி வரை, நரம்பு தளர்வாக, பேனா மூடி திறந்து, ரசீது எந்த நிலை, சட்டைப்பையில் கட்டை. ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நல்ல டேக் முடிந்ததும் ஒரு புகைப்படம்.

## 7. காகித வேலை

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இடத்தின் உரிமையாளரிடமும் நடிகர்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், ஒரு பக்கம் போதும். போட்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். ரசீதில் உண்மையான நிறுவனத்தின் சின்னமோ பெயரோ வேண்டாம், நீங்களே ஒன்று வரைந்துகொள்ளுங்கள்.

இசையில்தான் பொறி இருக்கிறது. பழைய பியானோ மெட்டு காப்புரிமை தீர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அதைச் சமீபத்தில் வாசித்துப் பதிவு செய்தவருக்கு அந்தப் பதிவின்மேல் தனி உரிமை உண்டு. யாரையாவது புதிதாக வாசிக்க வைப்பது நல்லது. நம் படம் 120 தட்டில் எடுக்கப்பட்டிருப்பதால் அவருக்கும் வேலை சுலபம்.

## 8. எடிட்டிங்கும் சோதனைக் காட்சியும்

முதல் வெட்டை இசை இல்லாமல் முடியுங்கள். இசை சேர்த்துவிட்டால் தளர்ந்த இடங்கள் தெரியாமல் மறைந்துகொள்ளும். ஒத்திகை முன்மாதிரியைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு, சேட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் மட்டும் கையை வையுங்கள். அங்கே மூன்று நான்கு பிரேம் எடுப்பதும் சேர்ப்பதும் தெரியும். சேட்டைக்கு நடுவில் வெட்ட வேண்டியிருந்தால் அந்த டேக்கே சரியில்லை என்று அர்த்தம், வேறு டேக்கைப் பாருங்கள்.

பிறகு படத்தில் வேலை செய்யாத ஐந்தாறு பேரை ஒன்றாக உட்காரவைத்துக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள், சிரித்த விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அந்த இடத்துல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். சிரிக்காதவர் நடந்ததைச் சரியாகச் சொன்னால் பிரச்சினை டைமிங்கில், தட்டுகளைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். "தம்ளரா? நான் கவனிக்கலையே" என்றால் பிரச்சினை பிரேமிலோ பொருளின் நிறத்திலோ இருக்கிறது. அதை எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாது, அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டும். அதனால் சோதனைக் காட்சி முடியும்வரை மேசையையும் கால் செட்டுகளையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ரசீது நான்கைந்தாவது மிச்சம் இருக்கட்டும்.

திருத்திய பிறகு காட்டுவதற்கு வேறு ஆட்கள் வேண்டும். முதலில் பார்த்தவர்களுக்கு அந்தச் சுவர் ஏற்கெனவே தெரியும்.